ரெண்டே வார்த்தை

பொங்கலன்று மத்தியானம் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, தொடுகறி வகையெல்லாம் வைத்து முடித்து, சோற்று வாளி பட்டாசலுக்குள் நுழையப்போகிற சமயத்தில் ஒருத்தர் எழுந்து நின்று, "ரெண்டே வார்த்தை" என்று தொண்டையைச் செருமினால் அவர்தான் பெரியண்ணன். அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் இந்த ஆளை நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் நாலாக மடித்த காகிதம்.

எங்கள் வீட்டுப் பெரியண்ணன், பெரியப்பாவின் மூத்த மகன். எங்களுக்கு அண்ணாச்சி, அத்தை மக்களுக்கு அத்தான், வாண்டுகளுக்குப் பெரியப்பா அல்லது மாமா. ஆனால் சித்தப்பாமார் கண்ணுக்கு அவர் இன்னும் டவுசர் போட்ட பையன்தான். ஒரு வரிசையிலிருந்து "ஏல, சத்தமாச் சொல்லு, கேக்கல" என்று குரல் வரும். எதிர் வரிசையிலிருந்து "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா, பிள்ள தூங்குது" என்று குரல் வரும். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, முன்பு பேசிய அதே குரலில் அவர் தொடருவார்.

அவர் இந்தப் பதவிக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. ஆச்சி, பெரியப்பா, சித்தப்பாமார் இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிடலாம். அவர்கள் பேச வேண்டிய அவசியம் இல்லை. தம்பி தங்கச்சிமார் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். நடுவில் மிஞ்சுவது ஓர் ஆள். பொங்கல் செலவுக்கு வீட்டுக்கு வீடு பங்கு வசூலித்ததும் அவர். கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் இலைக்கட்டும் வாங்கி வந்ததும் அவர். கணக்கெழுதிக் கையில் வைத்திருப்பதும் அவர். வசூலித்தவன் வரவேற்காமல் இருக்க முடியாது. தவிர, கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் பேரவைக் கூட்டத்தில் வரவேற்புரை வாசித்துப் பழகிய நாக்கு. நாற்பது பேர் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு ஞாபகம் வராது. உறுப்பினர் வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வரும்.

முன்பெல்லாம் அவர் வெறுங்கையோடுதான் பேசினார். மகனைப் பார்க்க சிங்கப்பூர் போய்விட்டு வந்த வருஷத்திலிருந்து கையில் தம்ளர் ஏறிவிட்டது. மகனோடு வேலை பார்க்கிற சீனப் பையனின் கல்யாண விருந்துக்கு இவரையும் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் எழுந்து நின்று, கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "யாஆஆஆம் செங்" என்று மூச்சு முட்டுகிற வரைக்கும் இழுத்துக் கத்துகிறார்களாம். யார் அதிக நேரம் இழுக்கிறார்கள் என்பதில் மேஜைக்கு மேஜை போட்டி வேறு. அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "சீனன் எவ்வளவு ஒத்துமையாக் கத்துதான் தெரியுமா?" என்று ஊர் திரும்பியதும் ஒரு மாதத்துக்கு அதே பேச்சு.

அந்தத் தையில், இலைக்கு இலை பேப்பர் கப்பில் போவண்டோ ஊற்றச் சொன்னார். தனக்கு மட்டும் எவர்சில்வர் தம்ளர். எல்லோரும் கப்பைத் தூக்க வேண்டும், தான் சொல்லி முடித்ததும் "பொங்கலோ பொங்கல்" என்று சேர்ந்து இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாளையங்கோட்டைச் சித்தப்பா கப்பை மூக்குப்பக்கம் கொண்டுபோய், "என்னடே, வெறும் கலர்தானா, ஏதும் கலந்திருக்கா?" என்று கேட்டார். கேட்ட குரலில் இருந்தது பயமா எதிர்பார்ப்பா என்று இன்றுவரை எங்களுக்குள் விவாதம் உண்டு. நாற்பது பேரும் "பொங்கலோஓஓ பொங்கல்" என்று கத்தியதும், காது மந்தமான ஆச்சிக்கே அது கேட்டுவிட்டது. "காலையில முத்தத்துலதான் பொங்கியாச்சே, மறுபடி என்னத்துக்குப் பொங்குதாவ?" என்றாள். பனையோலையை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பால் பொங்க வைத்தவள் அவள். கேள்வி நியாயமானது. அண்ணாச்சியிடம் பதில் இல்லை. ஆனால் தம்ளர் மட்டும் அன்று முதல் நிரந்தரமாகிவிட்டது.

இந்தப் பேச்சின் நீளத்தை நிர்ணயிப்பது பேச்சாளர் இல்லை, இலை. இதைப் பெரியண்ணன்மார் யாரும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அண்ணாச்சி முதலில் சோறு விழுந்த பிறகுதான் பேசிக்கொண்டிருந்தார். சோறு வந்தால்தான் பந்தி அடங்கும், பிள்ளைகள் ஓடாது என்று அவருக்கு ஒரு கணக்கு. விளைவு என்னவென்றால், ஆவி பறக்கிற சோற்றுக்கு அடியில் இலை வெந்து கறுக்கும். குவியலின் மேல்பக்கம் காய்ந்து பருக்கை பருக்கையாக நிற்கும். அதன்மேல் பருப்பை ஊற்றி நெய்யை விட்டால் நெய் உருகாது, வெள்ளையாக உறைந்து உட்கார்ந்திருக்கும். சாம்பார் வாளியோடு ஓரமாக நிற்கிறவர் கையை மாற்றி மாற்றிப் பிடிப்பார். அடுக்களையில் பாயசம் ஆடை கட்டும். அது பரவாயில்லை, கரண்டியால் கலக்கிவிடலாம். ஆறின சோற்றை என்ன செய்ய?

சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளைதான் இதைத் தீர்த்துவைத்தார். ஆயிரம் பந்தி பார்த்த மனிதர். வாளியைத் தரையில் வைத்துவிட்டு, மரியாதை குறையாமல் சொன்னார்: "அண்ணாச்சி, பேசணும்னா தொடுகறி வச்ச பொறவு, சோத்துக்கு முந்திப் பேசிருங்க. அவியல், பச்சடி, சிறுகிழங்கு எல்லாம் ஆறினாலும் ருசி கெடாது. சோறு வந்துட்டா எலைதான் பேசணும், மனுசன் பேசப்படாது." இதை ஓர் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டோம். ஆகக் கிடைப்பது, கடைசித் தொடுகறிக்கும் சோற்று வாளிக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை.

ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அப்பளம். எங்கள் வீட்டு வழக்கப்படி அப்பளமும் தொடுகறியோடு சேர்ந்து சோற்றுக்கு முன்பே இலைக்கு வந்துவிடும். உளுந்த மாவில் இட்ட அப்பளத்தை எண்ணெயில் போடும்போது அதிலுள்ள ஈரமெல்லாம் ஓடிப்போய்ப் பொரபொரப்பாகிறது. வெளியே வந்த நொடியிலிருந்து போன ஈரத்தைத் திரும்பத் தேடிக்கொண்டே இருக்கும். இலையில் தெளித்த தண்ணீர், பச்சடியின் ஓரம், அவியலின் ஆவி, எதில் பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். பேச்சு நீளுகிறதா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். அப்பளத்தின் விளிம்பைச் சுண்டுவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். உடைந்தால் பேச்சு அளவாக இருக்கிறது. மடங்கினால் வரவேற்புரை தலைமையுரையாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு வருஷம் மடங்கத்தான் செய்தது. திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல், 81 முதல் 90 வரைக்கும் பத்துக் குறள். வழக்கமாக ஒரு குறளோடு நிறுத்திவிடுகிற அண்ணாச்சி, அன்றைக்கு ஏதோ உற்சாகத்தில் 81இல் ஆரம்பித்து வரிசையாகப் பொருள் சொல்லிக்கொண்டே போனார். 90க்கு வந்து, விருந்தாளியின் முகம் அனிச்சப்பூவைவிட எளிதாக வாடிவிடும் என்று அவர் உருகியபோது, பூவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லோரும் குனிந்து இலையில் வாடிக்கிடந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அப்பளம் சாதாரண அப்பளமும் இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம், கல்லிடைக்குறிச்சிச் சித்தி கொண்டுவந்தது. இங்கேதான் அந்த வருஷத்து உண்மையான விபத்து நடந்தது.

வரவேற்புரையின் உயிர், பெயர்ப் பட்டியல். யார் பெயர் முதலில், யார் பெயர் பின்னால், யாருக்கு ஒரு அடைமொழி, யாருக்கு இரண்டு என்பதை ஒவ்வொரு இலையும் கவனித்துக்கொண்டிருக்கும். கேட்காத மாதிரி உப்பைத் தொட்டு நக்கிக்கொண்டிருப்பவர்தான் அதிகம் கேட்கிறவர். அண்ணாச்சிக்கும் இது தெரியும். அதனால் சண்டை வராமலிருக்க ஒரு நடுநிலையான வழி கண்டுபிடித்திருந்தார்: தூரத்திலிருந்து வந்தவர் முதலில். சிங்கப்பூரிலிருந்து வந்த மகனும் மருமகளும், சென்னைத் தங்கச்சி, பெங்களூர்த் தம்பி குடும்பம், கோயம்புத்தூர் மச்சினன், பிறகு தலைப்பொங்கலுக்கு வந்திருந்த நாகர்கோயில் புது மாப்பிள்ளை. அத்தைமார் இந்த வீட்டில் பிறந்த பெண்கள், பொங்கல்படி வாங்கிப்போகிற உரிமைக்காரர்கள் என்பதால் தூரக்கணக்கில் சேராமல் தனியாக ஒரு வணக்கம். கேட்பதற்கு அப்பழுக்கில்லாத முறை. அதன் குறை, பட்டியல் கிட்டத்தில் வரவர அவசரம் கூடும் என்பது. தென்காசி வரைக்கும் நிதானமாக வந்தார். பாளையங்கோட்டையை ஒரே மூச்சில் தாண்டினார். அப்புறம் "மற்றும் சுற்று வட்டாரத்திலிருந்து வருகை தந்துள்ள அனைவரும்" என்று முடித்துவிட்டார்.

கல்லிடைக்குறிச்சி ஆற்றுக்கு அக்கரை. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். சுற்று வட்டாரத்தில் சித்திதான் இருந்தாள், சித்தி மட்டும்தான். முந்தின நாள் சாயங்காலமே வந்து, சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுக் கட்டி, புறவாசல் கல்லில் அடித்துத் தேய்த்துத் தோலெடுத்து, விடியற்காலம் இடிசாம்பாருக்கு வறுத்துப் பொடித்து, அப்பளத்தையும் பொரித்து அடுக்கினவள். கிட்டத்தில் இருப்பவள் எல்லா வேலைக்கும் முதலில் வந்தாள், பட்டியலில் கடைசிக்கும் போகாமல் காணாமல் போனாள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் சத்தம் வராது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். சித்தி இலையை விட்டு எழுந்தாள். "எனக்குப் பசிக்கல, நான் பரிமாறுதேன், நீங்க சாப்பிடுங்க" என்றாள். சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டாள். அண்ணாச்சி இலைக்கு வந்ததும் மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினாள். "போதும் சித்தி" என்றார். "சாப்பிடுங்க, நீங்கள்லாம் தூரத்துலேருந்து வந்தவுக" என்றாள். உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே ஓய்வு பெற்றவரைப் பார்த்து! மகனைப்போல வளர்த்த பிள்ளைக்கு "நீங்கள்" போட்டுவிட்டாளே என்றுதான் அவருக்கு முதலில் உறைத்தது. பாதி சாம்பார்ச் சோற்றில் கை நின்றுவிட்டது.

இந்த இடத்தில் பெரியண்ணன்மார் செய்யக்கூடாததை அவர் செய்தார். ரசம் வந்துகொண்டிருக்கும்போது எச்சிற்கையோடு எழுந்து, ஒரு துணைப் பேச்சு ஆரம்பித்தார். "முக்கியமான ஒருத்தரை விட்டுட்டேன்" என்று தொடங்கியதும், யாரென்று தெரியாமல் இருந்த பத்துப் பேருக்கும் தெரிந்துபோனது. சித்தியைப் பாராட்ட வேறு எதுவும் சட்டென்று தோன்றாமல், "சித்தி கொண்டுவந்த அப்பளம் இருக்கே, அதனுடைய மொறுமொறுப்பு..." என்று இலையிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது வேஷ்டி நுனியைப்போலத் தொங்கியது. சின்னப்பிள்ளைகள் முதலில் சிரித்தன. பிறகு மாப்பிள்ளை சிரித்தார். புது மாப்பிள்ளை சிரித்தால் வீடே சிரிக்க வேண்டியதுதான். சித்தி சிரிக்கவில்லை. ரச வாளியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியண்ணன் பேசும்போது உற்றுப் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் அவருடைய வலது கை. தம்ளர் இடது கைக்கு மாறி, வலது கை சட்டைப்பைக்குப் போனால் காகிதம் வரப்போகிறது. காகிதம் வந்தால் "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்ற வாக்கியமும் கூடவே வரும். வீட்டு ஓடு மாற்றுவது, கோயில் கொடைக்குப் பங்கு, கிணற்று மோட்டார், எல்லாம் அந்தச் சின்ன விஷயத்துக்குள் அடக்கம். எல்லோரும் ஒரே கூரையின் கீழ், கை கழுவி உட்கார்ந்து, எழுந்து போக முடியாத நிலையில் இருப்பது வருஷத்தில் இந்த ஒரு நேரம்தான் என்பது அவருக்குத் தெரியும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெங்களூர்த் தம்பிக்குப் பங்குத்தொகை காதில் விழுந்த வருஷம் அவன் இரண்டாவது பாயசம் வாங்கவில்லை.

அடுத்த தைக்கு முன்னால் மதினி நடவடிக்கை எடுத்தாள். பேரவைக் கூட்டத்துக்குப் போய் அவர் பேச்சைக் கேட்டவள் இல்லை. வீட்டிலேயே கேட்டிருக்கிறாள், அது போதும். தினசரி நாட்காட்டியில் கிழித்த பழைய தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுக்குப் பின்பக்கம் கொள்ளுறதை மட்டும் பேசுங்க. ஓரத்துல எழுதக்கூடாது, பொடி எழுத்தும் கூடாது" என்றாள். உள்ளங்கை அகலத் தாள். அண்ணாச்சி நாலு தாளைக் கிழித்துப்போட்டார். குறளுக்கு இடம் கேட்டார், கிடைக்கவில்லை. சின்ன விஷயத்துக்கு இடம் கேட்டார். "அதைச் சாயங்காலம் திண்ணையில வச்சுக்கிடுங்க, காப்பியோட" என்றாள். ஊர்களைத் தலைகீழாகப் போட்டது மட்டும் அவருடைய சொந்த யோசனை.

பொங்கலன்று தவசுப்பிள்ளை வாளியோடு வாசற்படியில் நின்றார். அப்பளம் அடுக்களையிலேயே மூடி போட்ட டின்னில் இருந்தது. சோறு விழுந்த பிறகுதான் வர வேண்டும் என்று உத்தரவு. அண்ணாச்சி எழுந்தார். தம்ளரை எடுத்தார். காகிதத்தை எடுக்கவில்லை, மனப்பாடம்.

"எல்லாரும் வாங்க. கல்லிடைக்குறிச்சிச் சித்தி நேத்தே வந்துட்டா. இந்த எலையில இருக்கிற பாதி அவ கை. அங்கேருந்து சிங்கப்பூர் வரைக்கும் எங்கெங்கே இருந்தெல்லாமோ வந்திருக்கிய, சந்தோஷம். போன வருஷம் இந்த மூலையில உட்கார்ந்து சாப்பிட்ட தென்காசி மாமா இந்த வருஷம் இல்ல. அத்தை வந்திருக்கா, அதுவே நமக்குப் பெரிசு. பெங்களூர்த் தம்பி வீட்டுல புதுசா ஒரு ஆள் வந்திருக்கு, மூணு மாசம், இப்போ தொட்டில்ல தூங்குது. சத்தம் போடாமச் சொல்லுங்க, பொங்கலோ பொங்கல். சாப்பிடுவோம்."

நாற்பது பேர் கிசுகிசுப்பாகப் "பொங்கலோ பொங்கல்" சொன்னது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. கப்புகள் தூக்கிய உயரத்திலேயே ஒரு கணம் நின்றன. இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்ற சந்தேகம். பாளையங்கோட்டைச் சித்தப்பா வாய்விட்டே கேட்டார்: "முடிஞ்சிட்டால?" தென்காசி அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பச்சடியை நகர்த்தினாள். சோறு விழுந்தது, ஆவியோடு. நெய் உருகி ஓடிப் பருப்புக்குள் இறங்கியது. அப்பளம் வந்தது, உடைந்தது. சித்தி எழுந்திருக்கவில்லை. "ஏல, எனக்கு இன்னொரு கரண்டி சிறுகிழங்கு போடச் சொல்லு" என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாள். அந்த "ஏல"வைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை, எதிர் இலையில் இருந்தவன் என்கிற முறையில் நான் பார்த்தேன்.

வெற்றி ஒரு மனிதனைச் சும்மா விடுமா? பாயசம் முடிந்து மோரும் முடிந்து, ஒவ்வொருத்தராக இலையை மடித்து எழுந்துகொண்டிருந்தபோது, அண்ணாச்சி மறுபடி தம்ளரோடு நின்றார். பேரவைக் கூட்டத்தில் வரவேற்புரை என்று ஒன்று இருந்தால் நன்றியுரை என்று ஒன்று இருந்தாக வேண்டும், விதிமுறை அப்படி. "உறவினர் அனைவருக்கும்..." என்று தொடங்கியபோது பட்டாசலில் மிச்சம் இருந்தது தவசுப்பிள்ளையும், கரும்புச் சக்கையோடு ஒரு பையனும், நானும்தான். மறுநாள் பழங்கறிக்காக மிஞ்சின சாம்பாரையும் அவியலையும் ஒரே சருவத்தில் சேர்த்துக்கொண்டிருந்த மதினி, தலையைத் தூக்காமலேயே அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அதையும் இங்கே கொண்டுவாங்க, சேத்துச் சுண்டவச்சிருதேன்."